பம்பர் கழட்டினப்புறம் தெரிஞ்ச டேமேஜுக்கு சப்ளிமெண்டரி எஸ்டிமேட் எப்படி போடணும்?

கேள்வி: வணக்கம் சார், ஈரோடு பக்கத்துல சின்னதா டிங்கரிங் பெயிண்டிங் ஷெட் வச்சிருக்கேன். மூணரை வருஷ பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒண்ணு, லெஃப்ட் ஃப்ரண்ட்ல மைல் கல்லுல இடிச்சு டோ பண்ணி வந்துச்சு. மொத எஸ்டிமேட் 54,000 போட்டேன், சர்வேயர் நேர்ல பார்த்து கொஞ்சம் குறைச்சு அப்ரூவ் பண்ணிட்டார். பம்பர் கழட்டினா உள்ள ஏகப்பட்டது போயிருக்கு. 35,800க்கு இன்னொரு எஸ்டிமேட் வாட்ஸப்ல அனுப்பினா "மொதல்லயே ஏன் போடல, இந்த ஆக்சிடெண்ட்ல ஆனதுன்னு எப்படி நம்புறது"ன்னு கேக்குறார். கஸ்டமர் வண்டி எப்ப கிடைக்கும்னு தினம் போன் பண்றார். எஸ்டிமேட்டும் போட்டோவும் அனுப்பிருக்கேன். பேசாம நானே மாத்திட்டு பில்லு போட்டுடலாமா?

பதில்:

மாத்தாதீங்க. கடைசி வரில கேட்டதுக்கு மொதல்ல பதில் சொல்லிடுறேன், ஏன்னா இதுல அவசரப்பட்டா மத்த எதுவும் உதவாது. சர்வேயர் பார்க்காத சேதத்தை நீங்க சரி பண்ணி மூடிட்டா அப்புறம் அவர் எதை வச்சு ரிப்போர்ட் எழுதுவார், பழைய சாமானை கைல வச்சுக்கிட்டு இது அந்த வண்டிலேர்ந்து வந்ததுதான்னு நீங்க சொல்றதுக்கு அவர் என்ன மதிப்பு கொடுக்க முடியும். அதுக்காக வண்டியை அப்படியே நிறுத்தி வைக்கணும்னும் இல்ல. ஏற்கனவே அப்ரூவ் ஆன வேலைல ஃபெண்டர், பானட் மாதிரி தனியா கழட்டி வச்சு செய்யிற டிங்கரிங், பட்டி, ப்ரைமர் எல்லாம் ஓடட்டும், முன்னாடி சப்போர்ட் பகுதியும் லெஃப்ட் வீல் பக்கமும் மட்டும் இப்ப இருக்கிற மாதிரியே இருக்கட்டும்.

நானும் சர்வேயர்தான், அதனால அந்தப் பக்கத்துலேர்ந்து சொல்றேன். உள் டேமேஜ் வர்றது எங்களுக்கு புதுசு இல்ல, பம்பர் பிளாஸ்டிக் வளைஞ்சு திரும்ப வந்துடும், உள்ள இருக்கிற இரும்பு வளைஞ்சது வளைஞ்சதுதான், வெளில பார்த்தா கீறல் மாதிரி இருக்கிற வண்டி உள்ள நொறுங்கி கிடக்கும். அதனாலதான் மொத சர்வேலயே பல பேர் "உள் பாகங்கள் கழட்டிப் பார்த்தபின்"னு ஒரு குறிப்பு போட்டுடுவோம். உங்க வண்டிக்கு வந்த அப்ரூவல் பேப்பர்ல அப்படி ஒரு வரி இருக்கான்னு முதல்ல பாருங்க, இருந்தா பாதி வேலை முடிஞ்சுது. இல்லைன்னாலும் பயப்பட ஒண்ணும் இல்ல, கதவு மூடிடல.

சந்தேகம் எங்க வருதுன்னா, மொத எஸ்டிமேட்ல நாங்க எதையாச்சும் வெட்டிருப்போம், அடுத்த வாரமே அதே தொகைக்கு கிட்டத்தட்ட சரியா ஒரு சப்ளிமெண்டரி வந்து நிக்கும், வேற பேர்ல. இது நிறைய பார்த்தாச்சு. அதனால ரெண்டாவது எஸ்டிமேட்னு வந்தாலே எந்த சர்வேயரும் தொகையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஐட்டத்துக்கும் மனசுல ரெண்டு கேள்வி கேட்டுப்பார்: இது அன்னைக்கு என் கண்ணுல ஏன் படல, இடிச்ச இடத்துலேர்ந்து அடி இந்த பார்ட் வரைக்கும் எந்த வழியா வந்துச்சு. உங்க சர்வேயர் வாய் விட்டு கேட்டதும் இதே ரெண்டுதான். நீங்க அனுப்பின எஸ்டிமேட்ல இதுக்கு பதிலே இல்ல, பார்ட் பேரும் விலையும் மட்டும் இருக்கு.

இப்ப போட்டோவுக்கு வர்றேன். நீங்க அனுப்பினதுல பெரும்பாலானது ஷெட் தரைல சாமானை பரப்பி வச்சு எடுத்தது. கண்டன்சர் ஒண்ணு தரைல கிடக்கு, பக்கத்துல லோயர் ஆர்ம். அது எந்த வண்டி கண்டன்சர்? ஸ்க்ராப் கடைல நூறு கிடைக்கும். போட்டோவுக்கு உயிரே அது வண்டில மாட்டியிருக்கும்போது எடுக்கிறதுலதான் இருக்கு. ஒவ்வொரு பார்ட்டுக்கும் ஒரு வரிசை வேணும். மொதல்ல நாலஞ்சு அடி தள்ளி நின்னு வண்டி முகம் முழுசா தெரியிற மாதிரி ஒண்ணு, அப்புறம் அந்த பார்ட்டும் அதை ஒட்டி இருக்கிற பார்ட்டுகளும் சேர்ந்து தெரியிற மாதிரி ஒண்ணு, கடைசியா அடிபட்ட இடம் மட்டும் பக்கத்துல ஸ்கேல் வச்சு க்ளோசப். மூணும் ஒரே பக்கத்துலேர்ந்து எடுத்தா பார்க்கிறவனுக்கு உள்ள நடந்து போற மாதிரி இருக்கும், எங்க இருக்கோம்னு குழம்ப மாட்டான்.

இதுல ஒரு சின்ன சிக்கல், பம்பரை கழட்டினா நம்பர் பிளேட்டும் அதோட போயிடும். அதனால வண்டி நம்பர், க்ளெய்ம் நம்பர், தேதி மூணையும் ஒரு அட்டைல பெருசா எழுதி ஃப்ரேமுக்குள்ள வைங்க, கூடவே சேசிஸ் நம்பர் பஞ்ச் பண்ணின இடத்தையும் மீட்டர்ல ஓடின கிலோமீட்டரையும் ஒரு தடவை எடுத்துடுங்க. தேதியும் இடமும் படத்து மேலயே விழற கேமரா ஆப் போட்டுக்கிட்டா இன்னும் நல்லது. அனுப்பும்போது வாட்ஸப்ல சாதாரணமா போட்டோவா அனுப்பினா படம் சுருங்கிடும், எப்ப எடுத்ததுங்கிற தகவலும் அழிஞ்சுடும், அதனால டாக்குமெண்டா அனுப்புங்க, இல்ல மெயில்ல போடுங்க. மெயில்ல போட்டா நீங்க எந்த தேதில தெரியப்படுத்தினீங்கங்கிறதுக்கும் அதுவே சாட்சி.

எடுக்கிறதுக்கு முன்னாடி துடைக்காதீங்க. நல்லா தெரியட்டும்னு தண்ணி அடிச்சு கழுவிட்டு எடுப்பாங்க, அதோட ஆதாரமும் கழுவிப் போயிடும். இடிச்ச கல்லோட சுண்ணாம்பு ஒட்டியிருக்கும், கூலண்ட் வழிஞ்ச தடம் இருக்கும், ஏசி கேஸ் கசிஞ்ச இடத்துல கம்ப்ரஸர் ஆயில் கசிஞ்சு ஈரமா மினுக்கும், இதெல்லாம் மொதல்ல அப்படியே எடுத்துட்டு அப்புறம் துடைச்சுட்டு இன்னொண்ணு எடுங்க. தகட்டுல மடிப்பு விழுந்திருந்தா நேர் வெளிச்சத்துல தெரியாது, செல்போன் டார்ச்சை தகட்டை ஒட்டி பக்கவாட்டுல பிடிச்சா மடிப்போட நிழல் விழும், கேமராலயும் அப்படியே வரும். வளைவைக் காட்ட ஸ்டீல் ஸ்கேலை நேரா வச்சு நடுவுல எத்தனை மில்லிமீட்டர் இடைவெளின்னு காட்டுங்க, "வளைஞ்சிருக்கு"ங்கிறதை விட அதுக்கு எடை அதிகம்.

சரி, உங்க கண்டன்சரை எடுத்துக்குவோம், 7,200 போட்டிருக்கீங்க, லிஸ்ட்லயே பெரிய பார்ட் அதுதான். நல்ல வேளையா உங்க போட்டோ ஒண்ணுல கீழ் சப்போர்ட் மெம்பர் இன்னும் வண்டிலயே இருக்கிறது தெரியுது, கிராஷ் பாரும் சுவத்துல சாய்ச்சு வச்சிருக்கு. கண்டன்சரை மறுபடி அதே இடத்துல ரெண்டு போல்ட்ல மாட்டுங்க, கிராஷ் பாரையும் அதோட பிராக்கெட்ல பிடிச்சு நிறுத்துங்க. இப்ப முன்னாடி நின்னு பார்த்தா கிராஷ் பார்ல இடது பக்கம் உள்வாங்கின பள்ளம், அதுக்கு நேரே பின்னாடி சப்போர்ட்ல ஒரு வளைவு, அதுக்கு நேரே கண்டன்சர்ல ஃபின் நசுங்கின தடம், அதுக்கும் பின்னாடி ஃபேன் ஷ்ரவுட்ல வெடிப்பு, நாலும் தரைலேர்ந்து ஒரே உயரத்துல ஒரே நேர்கோட்டுல வரணும். டேப்பை தரைலேர்ந்து செங்குத்தா பிடிச்சு நாலோட உயரத்தையும் எடுங்க. மொத சர்வேல சர்வேயர் எடுத்த படத்துல பம்பர் உடைஞ்ச இடத்தோட உயரமும் அதேதான் இருக்கும், அதையும் சேர்த்துடுங்க. இந்தச் சங்கிலி சேர்ந்துட்டா "எப்படி நம்புறது"ங்கிற கேள்விக்கு வேலையே இல்ல. படத்துக்கு கீழ "கழட்டின பார்ட்டை நிலை காட்ட திரும்ப மாட்டி எடுத்தது"ன்னு உண்மையா எழுதிடுங்க. மறைச்சா போல்ட்டுல புது ஸ்பேனர் தடத்தைப் பார்த்து நாங்களே கண்டுபிடிச்சுடுவோம், அப்புறம் மீதி படத்தையும் நம்ப மாட்டோம்.

ஆனா ஃபின் நசுங்கினதுக்கு மட்டும் கண்டன்சர் கிடைக்காது. கல்லு தெறிச்சு ரோட்டுல ஓடுற எல்லா வண்டிலயும் ஃபின் கொஞ்சம் படுத்துதான் இருக்கும், அதை நிமிர்த்தி விட்டா போதும். ட்யூப் போயிருக்கணும், இல்ல கேஸ் நிக்காம இருக்கணும். ஏசி மெக்கானிக்கை கூப்பிட்டு நைட்ரஜன் ஏத்தி சோப்பு தண்ணி விடச் சொல்லுங்க, நுரை கிளம்புற இடத்தையும் கேஜ்ல முள்ளு இறங்குறதையும் ஒரே ஃப்ரேம்ல வச்சு அரை நிமிஷம் வீடியோ எடுங்க. அந்த நுரை நசுங்கின தடத்துல வந்தா விபத்து. வேற மூலைல, ஜாயிண்ட்ல, வெள்ளையா அரிச்சுப் போன இடத்துல வந்தா அது பழைய லீக், கேக்காதீங்க.

லோயர் ஆர்ம் கதை வேற. பம்பர்ல விழுந்த அடி அங்க போகாது, அது வீல் வழியா வந்திருக்கணும், உங்க எஸ்டிமேட்ல வீலைப் பத்தி ஒரு வார்த்தை கூட இல்ல. மைல் கல்லு ஃபெண்டரைத் தட்டிட்டு டயரையும் பிடிச்சிருந்தா ரிம் ஓரத்துல சப்பளிஞ்சிருக்கும், டயர் சைடுவால்ல வெட்டோ தேய்ப்போ இருக்கும், அதைத் தேடி எடுங்க. அடுத்து, கழட்டின பழைய ஆர்மை திரும்ப மாட்டி, ஸ்டியரிங்கை நேரா வச்சு முன் வீல் நடுவுலேர்ந்து பின் வீல் நடு வரைக்கும் ரெண்டு பக்கமும் டேப் பிடிங்க, லெஃப்ட்ல தூரம் கம்மியா இருந்தா வீல் பின்னாடி தள்ளப்பட்டிருக்குன்னு அர்த்தம், லோயர் ஆர்ம் வளைஞ்சதுக்கு இதை விட சுலபமான சாட்சி கிடையாது, செலவும் இல்ல. அப்புறம் புது ஆர்மையோ ரைட் சைடு ஆர்மையோ பக்கத்துல வச்சு ஒரு படம். ஒரு எச்சரிக்கை, ஆர்ம் வளையாம புஷ் மட்டும் வெடிச்சிருந்தா அது தேய்மானம், பாலிசில தேய்மானத்துக்கு இடமே இல்ல.

ஸ்ட்ரட் ரெண்டு பக்கமும் சேர்த்து 6,800 போட்டிருக்கீங்க. ரைட்டை அடிச்சுடுங்க. ஸ்ட்ரட்டை ஜோடியா மாத்துறது நல்ல வழக்கம்தான், நான் இல்லைங்கல, ஆனா இன்சூரன்ஸ் கொடுக்கிறது அடிபட்டதுக்கு, அடிபடாத பக்கத்துக்கு கஸ்டமர்தான் கொடுக்கணும். லெஃப்ட் ஸ்ட்ரட் வளைஞ்சதா இல்லையான்னு இப்பவே உங்களால சொல்ல முடியாது, ஆர்ம் வளைஞ்ச நிலைல அலைன்மெண்ட் பார்த்தா எல்லா ரீடிங்கும் தப்பாத்தான் வரும். புது ஆர்ம் போட்டு அலைன்மெண்ட் மெஷின்ல ஏத்தி டோ சரி பண்ணினப்புறமும் லெஃப்ட் கேம்பர் மட்டும் கம்பெனி சொன்ன அளவுக்கு வெளில நின்னா அப்ப ஸ்ட்ரட்டோ நக்கிளோ வளைஞ்சிருக்கு. ஸ்ட்ரட்டை கழட்டி ராடை கையால சுத்தினா ஆட்டம் தெரியும், அதுல எது போயிருக்குன்னு முடிவு பண்ணிடலாம். அதனால இப்ப ஸ்ட்ரட்டுக்கு தொகை போடாம "லோயர் ஆர்ம் மாற்றி அலைன்மெண்ட் ரிப்போர்ட் பார்த்தபின் முடிவு"ன்னு திறந்த ஐட்டமா எழுதி விடுங்க. இப்ப ஒரு வரி எழுதி வச்சா அப்புறம் ரிப்போர்ட்டை மட்டும் அனுப்பினா போதும், எழுதாம விட்டு மூணாவது எஸ்டிமேட்டோட வந்தீங்கன்னா எந்த சர்வேயருக்கும் கோவம்தான் வரும்.

எஞ்சின் மவுண்டிங் 2,400. இதை நீங்க அனுப்பின படத்தைப் பார்த்தே சொல்லிடலாம், வேண்டாம். ரப்பர் முழுக்க நரம்பு மாதிரி வெடிப்பு, ஆயில் ஊறிக் கறுத்திருக்கு, கிழிஞ்ச இடத்துக்குள்ள வரைக்கும் புழுதி ஏறியிருக்கு. அடில கிழிஞ்ச ரப்பர் கிழிஞ்ச இடத்துல மட்டும் உள்ளுக்குள்ள சுத்தமா கறுப்பா இருக்கும், இரும்பு பிராக்கெட் உடைஞ்சிருந்தா உடைஞ்ச முகம் பளபளன்னு இருக்கும், துரு இருக்காது. இது வயசானது. இந்த ஒரு 2,400ஐ உள்ள வச்சிருந்தீங்கன்னா அதைப் பார்த்த கண்ணாலயேதான் சர்வேயர் உங்க 7,200 கண்டன்சரையும் பார்ப்பார், சோத்துல ஒரு கல்லு கடிபட்டா அடுத்த ஒவ்வொரு வாயையும் பயந்து பயந்து மெல்ற மாதிரி. மவுண்டிங் போயிருக்குன்னு கஸ்டமர்கிட்ட தனியா சொல்லி அவர் கணக்குல போடுங்க.

லேபர் 9,000ன்னு ஒரே வரில போட்டிருக்கீங்க, அதுவும் நிக்காது. பம்பர், ஹெட்லைட், ஃபெண்டர் கழட்டி மாட்டுற கூலி மொத எஸ்டிமேட்லயே அப்ரூவ் ஆயிடுச்சு, கண்டன்சருக்காக மறுபடி பம்பர் கழட்டுற கூலி கேக்க முடியாது, ஏற்கனவே கழண்டுதானே கிடக்கு. புதுசா வர்ற வேலை மட்டும் எழுதுங்க. உங்க ஊர் ரேட்டை வச்சு நான் பிரிச்சுப் பார்த்தது: சப்போர்ட் வெட்டி புதுசு வெல்டிங் வைக்க 3,200, ஏசி வேக்குவம் போட்டு கேஸ் ஏத்த 1,500, லோயர் ஆர்ம் மாத்த 600, அலைன்மெண்ட் 600, ஆக 5,900. பார்ட்ஸ்ல கண்டன்சர் 7,200, ஃபேன் ஷ்ரவுட் 4,000, சப்போர்ட் 3,600, ஆர்ம் 2,800, ஆக 17,600. மொத்தம் 23,500, ஜிஎஸ்டி தனி. 35,800லேர்ந்து இறங்கிடுச்சேன்னு தோணும். ஆனா இந்த 23,500ல படமும் காரணமும் சரியா இருந்தா வெட்டுறதுக்கு எதுவும் இல்ல.

சப்போர்ட்டுக்கு மட்டும் ஒரு வேலை கூடுதலா இருக்கு. மெம்பர் வளைஞ்சிருக்குன்னா அதோட இணைஞ்ச ஏப்ரான், சைடு மெம்பர் நகர்ந்திருக்கான்னு சர்வேயர் கேப்பார், நீங்களும் உங்களுக்காகவே பார்க்கணும், இல்லாட்டி புது பானட்டும் ஹெட்லைட்டும் கேப் ஒத்து வராது. எஞ்சின் ரூம்ல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற போல்ட் ஓட்டையை எடுத்துக்கிட்டு குறுக்கால மூலைக்கு மூலை அளங்க. ரெண்டு குறுக்களவும் 3 மி.மீ. வித்தியாசத்துக்குள்ள இருந்தா சேசிஸ் கால் நல்லா இருக்கு, அளவை எழுதி விட்டுடலாம். அதுக்கு மேல போச்சுன்னா சேசிஸ் புல்லிங் வேலை வரும், அதை சர்வேயர் நேர்ல பார்க்காம ஒத்துக்க மாட்டார், கையோட ரீஇன்ஸ்பெக்ஷன் கேட்டுடுங்க.

இனி எழுதுற விதம். நீங்க எழுதினது "கண்டன்சர் டேமேஜ், மாத்தணும்". இதை இப்படி எழுதிப் பாருங்க:

"கண்டன்சர், மாற்று. முதல் சர்வேயின்போது பம்பரும் கிராஷ் பாரும் மறைத்திருந்ததால் தெரியவில்லை. பம்பர் கழற்றியபின் கிராஷ் பாரின் இடது பக்கப் பள்ளத்துக்கு நேர் பின்னால், அதே உயரத்தில் ட்யூப் நசுங்கியிருப்பது தெரிந்தது (படம் 4, 5, 6). நைட்ரஜன் சோதனையில் அதே இடத்தில் கசிவு (வீடியோ 1). ட்யூப் நசுங்கியதால் ரிப்பேர் செய்ய இயலாது. பழைய பார்ட் ஷெட்டில் டேக் போட்டு வைக்கப்பட்டுள்ளது."

அவ்வளவுதான். ஏன் அன்னைக்கு தெரியல, அடி எப்படி வந்துச்சு, ஏன் ரிப்பேர் பண்ண முடியாது, பொருள் எங்க இருக்கு. ஒவ்வொரு பார்ட்டுக்கும் நாலஞ்சு வரி, படத்து நம்பரோட. இங்கிலீஷ்ல எழுதத் தெரியலைன்னு கவலைப்படாதீங்க, பார்ட் பேரும் பார்ட் நம்பரும் நாளைக்கு ஸ்பேர் கடை பில்லுல எப்படி வருமோ அப்படியே இருந்தா போதும். மேல க்ளெய்ம் நம்பர், வண்டி நம்பர், மொத எஸ்டிமேட் தேதி, அதோட தொகை, இது சப்ளிமெண்டரிங்கிற வார்த்தை, உங்க சீல், கையெழுத்து. சர்வேயருக்கும் கம்பெனி க்ளெய்ம் மெயிலுக்கும் கஸ்டமருக்கும் ஒண்ணா அனுப்புங்க, கடைசில "நேரில் பார்வையிட வேண்டுமா அல்லது படங்களின்படி ஒப்புதல் தருவீர்களா, அதுவரை மேற்கண்ட பாகங்களில் வேலை நிறுத்தி வைத்துள்ளோம்"னு ஒரு வரி. அந்த வரி போயிட்டா அடுத்து பேச வேண்டியது அவங்க.

கஸ்டமர் தினம் போன் பண்றார்னீங்க, அவர்கிட்ட இன்னும் பணத்தைப் பத்தி பேசலைன்னு நினைக்கிறேன், அதுதான் டெலிவரி அன்னைக்கு சண்டையா வரும். வண்டி மூணுலேர்ந்து நாலு வருஷத்துக்குள்ள இருக்கிறதால மெட்டல் பார்ட்டுக்கு 25 சதவீதம், பிளாஸ்டிக், ரப்பருக்கு 50 சதவீதம் தேய்மானம் பிடிப்பாங்க, லேபருக்கு தேய்மானம் கிடையாது. கண்டன்சர்ல 1,800, சப்போர்ட்ல 900, ஆர்ம்ல 700, ஷ்ரவுட் பிளாஸ்டிக்ங்கிறதால 2,000, ஆக இந்த சப்ளிமெண்டரில மட்டும் 5,400 அவர் கைலேர்ந்து. மீதி 18,100 கம்பெனி, பழைய சாமானுக்கு சால்வேஜ்னு ஏதாச்சும் பிடிச்சா அதுவும் குறையும். ஜீரோ டெப் போட்டிருந்தா இந்த 5,400 கிட்டத்தட்ட காணாமப் போயிடும், பாலிசியை வாங்கிப் பாருங்க. கட்டாயக் கழிவு 1,500 சிசி வரைக்கும் 1,000, அது க்ளெய்முக்கு ஒரு தடவைதான், மொத எஸ்டிமேட்ல பிடிச்சிருந்தா இதுல மறுபடி பிடிக்கக் கூடாது, பிடிச்சா கேளுங்க. இதையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி, கம்பெனி ஏதாவது ஐட்டத்தை ஒத்துக்கலைன்னா அது யார் செலவுங்கிறதையும் சேர்த்து, ஜாப் கார்டுல கையெழுத்து வாங்கிடுங்க. உங்க வண்டில வராது, ஆனா பெரிய அடில ரெண்டு எஸ்டிமேட்டும் சேர்ந்து ஐடிவில 75 சதவீதத்தைத் தாண்டினா அது டோட்டல் லாஸ் கணக்குக்குப் போயிடும், அந்த மாதிரி வண்டில சப்ளிமெண்டரி போடுறதுக்கு முன்னாடியே ஓனரை உக்கார வச்சு பேசணும்.

இவ்வளவும் அனுப்பி சர்வேயர் மறுத்தார்னா வாயால சொன்னதோட விடாதீங்க, எந்த ஐட்டம், என்ன காரணம்னு மெயில்ல கேளுங்க. அதுக்கு மேல போராட வேண்டியது நீங்க இல்ல, பாலிசி கஸ்டமருக்கும் கம்பெனிக்கும் நடுவுல போட்ட ஒப்பந்தம். அவர் சர்வே ரிப்போர்ட் காப்பி கேக்கலாம், கம்பெனி குறைதீர்ப்பு மெயிலுக்கு எழுதலாம், பீமா பரோசா போர்ட்டல்ல புகார் போடலாம், அப்பவும் தீரலைன்னா இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன்கிட்ட போகலாம். நீங்க இப்ப எடுக்கிற படமும் எழுதுற காரணமும்தான் அங்கயும் அவருக்கு ஆயுதம். ஆனா பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது, உங்க சர்வேயர் நியாயமா ரெண்டு கேள்வி கேட்டிருக்கார், பதில் சொன்னா முடிஞ்சுது.

அடுத்த வண்டிக்கு ஒண்ணு சொல்றேன், முன்னாடி பலமா அடிபட்டு வந்தா மொத சர்வேக்கு சர்வேயர் வர்றதுக்கு முன்னாடியே போன்ல "பம்பர் கழட்டி வைக்கட்டுமா, இல்ல நீங்க வந்தப்புறம் கழட்டட்டுமா"ன்னு கேட்டுடுங்க. கழட்டுறதுக்கு முன்னாடி நாலு மூலையும் படம் எடுத்து வச்சு ஓனர் சம்மதமும் வாங்கிட்டீங்கன்னா அவர் நிக்கும்போதே உள்ள இருக்கிறதைக் காட்டிடலாம், சப்ளிமெண்டரியே தேவைப்படாது.

அப்ரூவல் வந்தப்புறம் கழட்டின சாமானை ரீஇன்ஸ்பெக்ஷன் முடியிற வரைக்கும் ஸ்க்ராப்காரன்கிட்ட கொடுத்துடாதீங்க, வண்டி நம்பர் எழுதின டேக்கோட ஒரு மூலைல வைங்க. புது பார்ட் மாட்டும்போது பெட்டி மேல இருக்கிற லேபிளோட ஒரு படம், மாட்டினப்புறம் ஒரு படம். ஃபைனல் பில்லுல ரெண்டு அப்ரூவல்லயும் இருக்கிற பேரும் பார்ட் நம்பரும் அப்படியே வரணும், கண்டன்சர்னு அப்ரூவல் வாங்கிட்டு பில்லுல "ஏசி பார்ட்ஸ்"னு போட்டீங்கன்னா பேமெண்ட் அங்கேயே நின்னுடும்.